ஐந்து அடி நான்கு அங்குலம்

கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கணவர் ஆரம்பித்தது. அவர் போனபிறகு பதினோரு வருடமாக நான்தான் நடத்துகிறேன். பாஸ்போர்ட் அளவுப் படம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பேன். அதோடு, பெண்கள் யாராவது செத்துக் கிடந்தால் போலீஸ்காரர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். ஆண் போட்டோகிராபர்களும் போவார்கள்தான். ஆனாலும் மகளிர் ஏட்டம்மா ஒருவருக்கு நான் வந்தால் நிம்மதி. கிணற்று மேட்டிலும் பிணவறையிலும் அவரோடு நின்று எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று தடவை சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டதுதான் என் கெட்ட காலம்.

அந்த ஏட்டம்மா ஒரு நாள் காலையில் மலைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர். ஒல்லியான, குட்டையான மனிதர். செருப்பைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அவர் மகள் எங்கள் ஊரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். வயது இருபத்திரண்டு. ஒரு வாரமாகக் காணவில்லை. கூடத் தங்கியிருந்த பெண்கள், "ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறப் போனா" என்றிருக்கிறார்கள். ஊருக்கு அவள் வந்து சேரவில்லை.

"அக்கா, காணாம போனவங்க விவரத்துல உயரம் எழுதணும். இவருக்கு அளவு சொல்லத் தெரியல. வாட்ஸ்அப்புல ஒரு ஃபுல் சைஸ் படம் இருக்குது. நீங்க பாத்து ஒரு கணக்கு சொல்லுங்களேன்" என்றார் ஏட்டம்மா.

"எம்மாம் ஒசரம்ங்க உங்க பொண்ணு?" என்று அவரிடமும் கேட்டேன்.

அவர் வலது கையை எடுத்துத் தன் தோளுக்கும் கொஞ்சம் கீழே, நெஞ்சோரமாக வைத்துக் காட்டினார். "இம்மாந்தான் இருக்கும்மா. எங்கிட்ட வந்து நின்னா இங்கதான் அவ தலை வரும்."

"எப்ப நின்னா? ஸ்கூல் படிக்கும்போதா?" என்றார் ஏட்டம்மா. கேலியாகச் சொல்லவில்லை. பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் எப்போதும் சின்னதாகத்தானே தெரிவார்கள் என்ற எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான். அவர் கையை இறக்கிவிட்டார்.

படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். வீட்டு வாசலில், மூடிய கதவுக்கு முன்னால், பச்சைப் புடவை கட்டி நின்றிருந்தாள். நல்ல உயரமான, ஒடிசலான பெண்ணாகத் தெரிந்தாள். கால் நீளம், இடுப்பு உயரத்தில். ஒரு தோளை முன்னால் தள்ளி, முகவாயைத் தூக்கியிருந்தாள். கொண்டை போட்டு அதைச் சுற்றிக் கனகாம்பரம் வைத்திருந்தாள். புடவையின் கரை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாதம் தெரியவில்லை.

எனக்கு ஒரு வழி தெரியும். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை உயரம், பெண் உயரம் என்று தரகர்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய வழி. பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால் போதும். கதவு என்றால் ஆறரை அடி. கதவின் நீளத்தை வைத்து, தலை எந்த இடத்துக்கு வருகிறது என்று கோடு போட்டேன். ஐந்தடி ஆறு அங்குலம் காட்டியது. கொண்டைக்கும் பூவுக்கும் ஒன்றரை, இரண்டு கழித்தேன். ஐந்து அடி நான்கு. அதோடு விடவில்லை. முகவாயிலிருந்து உச்சிவரை ஒரு அளவு எடுத்து, உடம்பு அதற்கு எத்தனை மடங்கு என்று எண்ணினேன். ஏழரைக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. வளர்ந்தவர்களுக்கு ஏழும் ஏழரையும்தான் வரும். அதற்கு மேல் போனால் நெடுநெடுவென்று இருப்பவர்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போய்விட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"அஞ்சு நாலு மேடம். ஒரு இன்ச்சு கூடக் கொறைய இருக்கலாம்."

ஏட்டம்மா எழுதிக்கொண்டார். மலைக்காரர் திரையில் இருந்த மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலைந்து நாள் கழித்து நைனார்பாளையம் பக்கம் ஒரு விவசாயக் கிணற்றில் பெண் பிணம் மிதந்தது. அது வேறு ஸ்டேஷன் எல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீரில் எத்தனை நாள் கிடந்ததோ, முகம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சேற்றில் ஊறிய சுடிதார். நிறம் இன்னதென்று சொல்ல முடியாது. மூக்குத்தி, கொலுசு எதுவும் இல்லை. பிணவறையில் டாக்டர் டேப் வைத்து அளந்தார். உதவியாளர் சத்தமாகச் சொன்னார்: "நாலடி பதினொன்னு." இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கலாம் என்றார்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நான் படம் எடுத்தேன்.

இரண்டு நாளில் ஏட்டம்மா மறுபடி கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, அந்தக் கெணத்துப் பாடி. நாளும் ஒத்துவருது, வயசும் ஒத்துவருது. ஆனா அது நாலு பதினொன்னு. மலைக்காரர் பொண்ணு அஞ்சு நாலு. அஞ்சு இன்ச்சு வித்தியாசம் வருமா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கடையில் மூன்று பேர் பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தார்கள்.

"ஒன்னு ரெண்டுன்னா சரி. அஞ்சு இன்ச்சு வராது மேடம். இவ அவ இல்ல."

"அப்பா அம்மாவைக் கூட்டிக்கினு வந்து காட்டலாமான்னு பாத்தேன். அந்தக் கோலத்த அவங்க பாக்கணுமா? வேணாம்" என்று எழுந்து போனார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். உரிமை கோர யாரும் வராததால் அந்த உடலை ஊர் எல்லைச் சுடுகாட்டில் ஓர் ஓரமாகப் புதைத்தார்கள். பல்லும் எலும்புத் துண்டும் மட்டும் எடுத்து வைத்தார்கள்.

அதன்பின் மலைக்காரர் மாதம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு வருவார். வரும்போதெல்லாம் என் கடைக்கும் வருவார். மகள் படம் பத்துப் பிரதி, இருபது பிரதி போட்டு வாங்கிப்போவார். திருக்கோவிலூர், தியாகதுருகம், சேலம் என்று பேருந்து நிலையங்களில் ஒட்டிவிட்டு வருவார். படத்துக்குக் கீழே நான்தான் எழுத்து போட்டுக் கொடுத்தேன்: வயது 22, உயரம் 5 அடி 4 அங்குலம், மாநிறம். அந்த எண்ணை என் கையாலேயே எத்தனை தடவை அச்சடித்தேன் என்று கணக்கில்லை.

ஐந்தாவது மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் வந்தார். கடையில் கூட்டமில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார்:

"யம்மா, ஒன்னு சொன்னா தப்பா நெனைக்காத. சேலத்துல ஒருத்தன் இந்தப் போஸ்டர பாத்துட்டு, ஒசரமான பொண்ணு ஒன்னு இங்க ஓட்டல்ல வேல செய்யுதுன்னு கூட்டிக்கினு போனான். போய்ப் பாத்தா வேற யாரோ. அவ என்ன விட ஒசரம்மா. எம்பொண்ணு என்ன விட ஒசரம் இல்ல. அன்னிக்கும் சொன்னனே."

"எழுந்து நில்லுங்கண்ணா" என்றேன். பாஸ்போர்ட் படம் எடுக்கும் சுவரோரம் அவரை நிறுத்தி டேப் பிடித்தேன். ஐந்தடி இரண்டு. "அவ தலை எங்க வரும்?" கையை வைத்தார். முதல் நாள் வைத்த அதே இடம், தோளுக்குக் கீழே. தரையிலிருந்து அந்தக் கைவரை அளந்தேன். நாலு அடி கூட வரவில்லை. அது சரியாக இருக்க முடியாது. பாசத்தில் கை இறங்கியிருக்கும். ஆனால் ஐந்து நாலும் சரியாக இருக்கவே முடியாது. தன்னைவிட உயரமான மகளை எந்த அப்பனும் தோளுக்குக் கீழே காட்டமாட்டான்.

அவர் போனதும் படத்தைத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கதவின் இரண்டு பக்கச் சட்டமும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. கேமராவைக் கீழே வைத்து, மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால் அப்படித்தான் வரும். அப்படி எடுக்கும் படத்தில் தலை சின்னதாகும், கால் பெரிதாகும். நான் தலையை வைத்து எண்ணிய மடங்கு அதனால்தான் ஏறியது. கதவும் தலையும் ஒத்துப்போயின என்றேனே, இரண்டையும் கெடுத்தது ஒரே கோணம். ஒரே பொய்யை இரண்டு வாயிலிருந்து கேட்டுவிட்டு, சாட்சி இரண்டு என்று நினைத்திருக்கிறேன். இன்னொன்று: கதவின் அடிப்பக்கம் அவள் புடவைக் கரையைவிட மேலே தெரிந்தது. வாசற்படி உயரம் என்று அன்று நினைத்தேன். படியாக இல்லாமல், நடுவில் இருக்கும் தரையாக இருந்தால்?

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மலைக்குப் பேருந்து ஏறினேன். ஊரில் இறங்கி வழிகேட்டு அந்த வீட்டுக்குப் போனபோது மலைக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சி ஸ்டுடியோக்காரி என்று நான் சொன்னதும் முறம் கையிலேயே நின்றது.

"கெடச்சிட்டாளா?"

"இல்லம்மா. ஒரு அளவு பாக்க வந்தேன்."

படத்தில் இருந்த கதவு அதேதான். டேப் வைத்தேன். ஆறரை அடி. கதவில் தப்பில்லை. கதவுக்கு முன்னால் சிமெண்டு போட்ட வாசல். படத்தில் அவள் காலுக்குக் கீழே தெரிந்த விரிசல் அந்தத் தரையில் இருந்தது. விரிசலிலிருந்து கதவுவரை அளந்தேன். இரண்டு அடி. கதவில் சாய்ந்து நிற்கவில்லை அவள். இரண்டு அடி முன்னால் வந்து நின்றிருக்கிறாள். முன்னால் நிற்பது பெரிதாகத் தெரியும், பின்னால் இருப்பது சிறிதாகத் தெரியும். சிறிதாகிப்போன கதவை வைத்துப் பெரிதாகிப்போன பெண்ணை நான் அளந்திருக்கிறேன்.

படம் எடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். அவளோடு படித்தவள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க இருந்து எடுத்த?"

"அதோ அந்தக் கல்லு மேல குந்திக்கினு எடுத்தங்க. அவதான் சொன்னா. கீழ இருந்து எடு, அப்பதான் ஒசரமா தெரிவேன்னு. கடையில எல்லாரும் குள்ளி குள்ளின்னு கூப்புடுவாங்களாம். மேல் தட்டுல இருக்கிற துணிய எடுக்க ஸ்டூல் போட்டு ஏறணுமாம், சிரிப்பாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஹீல்ஸ் கூட அதுக்குத்தான் வாங்குனா" என்றாள்.

"ஹீல்ஸா?"

காணாமல் போனவளின் தங்கை உள்ளே போய் எடுத்து வந்தாள். இரண்டு அங்குலக் குதிகால். விசேஷத்துக்கு மட்டும் போடுவது என்று வீட்டிலேயே வைத்திருந்தாளாம். புடவையின் கரை தரையைத் தொட்டது எதை மறைக்க என்று அப்போது புரிந்தது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கொசுவம் வைத்துக் கட்டினால் கால் நீளமாகத் தெரியும் என்று எவளோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதுவும் படத்தில் இருந்தது.

தங்கையைச் சுவரோரம் வெறுங்காலோடு நிற்கவைத்து அளந்தேன். நாலடி பத்து. "அக்காவும் நீயும்?"

"ரெண்டு பேரும் ஒரே ஒசரந்தாங்க. அவ பாவாடதான் நான் போட்டுக்கினு இருக்கேன்."

அந்தச் செருப்பைப் போடச் சொன்னேன். கொண்டை போடச் சொன்னேன். அக்காவின் புடவையை அதே மாதிரி கட்டிக்கொண்டு வந்து விரிசல்மேல் நின்றாள். தோழியைக் கல்மேல் உட்காரவைத்து அதே போனில் எடுக்கச் சொன்னேன். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கையின் உச்சி, பழைய படத்தில் அக்காவின் உச்சி இருந்த அதே இடத்தில், மேல் தாழ்ப்பாளுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. அப்புறம் செருப்பைக் கழற்றச் சொல்லி, கதவோடு ஒட்டி நிற்கவைத்து, நானே பத்துப் பன்னிரண்டு எட்டு பின்னால் போய் நெஞ்சு உயரத்தில் கேமராவை நேராகப் பிடித்து எடுத்தேன். தாழ்ப்பாளுக்கு எங்கோ கீழே, குட்டைப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ஒரே பிள்ளை, ஒரே கதவு, ஒரே நாள்.

அம்மா எல்லாவற்றையும் முறத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இது? எதுக்கு இவள நிக்க வச்சி நிக்க வச்சி படம் புடிக்கிற?"

பொய் சொல்ல வரவில்லை. உண்மையும் வரவில்லை. "உங்க பொண்ணு ஒசரத்த நான் தப்பா எழுதிட்டேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கீழே இறங்கி நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டம்மா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மலையில் அளந்ததை எல்லாம் சொன்னேன்.

"நாலு பத்துன்னா, பாடி நாலு பதினொன்னு இல்லக்கா? ஒன்னு ஜாஸ்தியா இருக்குதே" என்றார். அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது அவளாக இருக்கக்கூடாது என்ற கெஞ்சல்.

பிணவறை டாக்டரிடம் போனில் கேட்டார். செத்தபிறகு தசை தளர்ந்து, படுக்கவைத்து அளக்கும்போது ஓர் அங்குலம் வரை கூடுதலாக வருவது வழக்கம்தான் என்றார் அவர். ஏட்டம்மா போனை வைத்துவிட்டு, மலைக்காரரை வரச்சொல்லித் தகவல் அனுப்பினார்.

அப்பா அம்மா இருவரையும் வரவழைத்து ரத்தம் எடுத்தார்கள். எடுத்து வைத்திருந்த பல்லோடு ஒப்பிட அனுப்பினார்கள். முடிவு வர மேலும் மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் மலைக்காரர் போஸ்டர் ஒட்டுவதை நிறுத்தவில்லை. உயரத்தை மட்டும் மாற்றிக் கேட்டார். மாற்றி அச்சடித்துக் கொடுத்தேன். அவளாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் அச்சடித்தேன். வேறென்ன செய்ய?

முடிவு வந்தது. அவள்தான்.

தாசில்தார் முன்னிலையில் தோண்டினார்கள். படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்லலாம் என்று இரவெல்லாம் நினைத்தேன், காலையில் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். அளவுகோலைத் தரையில் வைத்து, கேமராவை நேர் மேலே பிடித்து, சாயாமல், எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்தேன். அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அம்மா பக்கத்தில் வரவில்லை. வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மலைக்காரர் குழிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

வேன் கிளம்பும் முன் அவரிடம் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அதுவரை பெரியவர்கள் யாரிடமும் சொன்னதில்லை, அன்றும் அது வாயில் வரவில்லை. "அன்னிக்கு நீங்க காட்டுனத நான் கேக்கல" என்றேன்.

"நீ படிச்சவ. எங்கிட்ட இருந்தது கை மட்டுந்தானே" என்றார். கோபமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேனுக்குள்ளிருந்து அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எட்டு மாசம் அவளத் தேடிக்கினு இருந்தோம். எட்டு மாசமும் இங்கதான் இருந்தாளா?"

டிரைவர் கதவைச் சாத்தினார்.

அவள் கிணற்றுக்கு எப்படிப் போனாள் என்பது தெரியவே இல்லை. தானாக விழுந்தாளா, யாராவது தள்ளினார்களா, மலைக்குப் போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நைனார்பாளையம் பக்கம் எதற்குப் போனாள், எதுவும் தெரியவில்லை. பேருந்து நிலையக் கேமராவில் பதிவானது சில வாரத்துக்கு மேல் இருக்காதாம். பழையதன்மேல் புதியது பதிவாகிவிடும். காணாமல் போனவள்தானே என்று அப்போது யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. கிணற்றுப் பிணம் அவள்தான் என்று அப்போதே தெரிந்திருந்தால் அதைப் பார்த்திருக்கலாம். யாரோடு நின்றாள், எந்த பஸ்ஸில் ஏறினாள் என்றாவது தெரிந்திருக்கும். விசாரித்த அதிகாரி இதை எனக்கு எடுத்துச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏட்டம்மா அப்புறம் செஞ்சிப் பக்கம் மாற்றலாகிப் போனார். போவதற்கு முன்னால் ஒரு நாள் கடைக்கு வந்தார். காணாமல் போனவர்களின் வீட்டாரிடம் இப்போதெல்லாம் முதலில், பள்ளிக்கூடத்தில் அளந்த அளவு ஏதாவது இருக்கிறதா, போட்ட துணி இருக்கிறதா, கூடப் பிறந்தவர்கள் யாராவது அதே உயரமா என்று கேட்பதாக மட்டும் சொன்னார்.

என்னிடம் இன்னும் சிலர் படத்தைக் கொண்டுவந்து உயரம் கேட்கிறார்கள். பெரும்பாலும் கல்யாணத் தரகர்கள். படத்தில் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். "பக்கத்துல கதவு இருக்குதேம்மா" என்று ஒருவர் போன வாரம் வாதாடினார். கதவு எங்கே இருக்கிறது, கேமரா எங்கே இருந்தது, காலில் என்ன இருந்தது என்று அவரிடம் கேட்டேன். அதெல்லாம் யாருக்கும்மா தெரியும் என்றார். எனக்கும் தெரியாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.